CO2 காட்டும் என்று விற்ற மானிட்டரில் CO2 சென்சாரே இல்லை

ஆன்லைனில் ‘9 இன் 1’ என்று போட்டு இரண்டாயிரம் ரூபாய் வாக்கில் விற்கும் காற்றுத் தர மானிட்டரை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கைக்கு அடக்கமான வெள்ளைப் பெட்டி, வண்ணத் திரை. CO2, TVOC, HCHO, PM2.5, PM10, CO, AQI, வெப்பம், ஈரப்பதம் என்று ஒன்பது எண்கள் அதில் ஓடும். விளம்பரப் படத்தில் அதைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள்.

எங்களுக்கு அதில் வேண்டியிருந்தது ஒரே ஒரு எண், CO2. பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறை. சென்னை வெயிலுக்கு ஏசி போட்டு, கதவு ஜன்னல் எல்லாம் அடைத்துத்தான் தூங்குகிறோம். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுக்காது; அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கும். நாம் விடும் மூச்சு எங்கே போகிறது? என் மனைவிக்குக் காலையில் தலை பாரமாக இருந்ததால், இரவில் எவ்வளவு சேர்கிறது என்று பார்க்க வாங்கினோம்.

இரவு முழுக்க மூடிக் கிடந்த அறையில், காலையில் எழுந்து பார்த்தால் CO2 430. பச்சை நிறம், சிரிக்கும் பொம்மை. அன்று மாலை மகள் கட்டிலில் உட்கார்ந்து நகப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. CO2 2,100 என்று சிவப்பில் ஏறி, பெட்டி ‘பீப் பீப்’ என்று கத்த ஆரம்பித்துவிட்டது. நகப்பூச்சிலிருந்து வருவது கரைப்பான் ஆவி. அதில் கார்பன் டை ஆக்சைடுக்கு என்ன வேலை?

அந்த 430 எவ்வளவு பெரிய பொய் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். அறையின் உயரம் பத்தடி என்று வைத்தால் 1,200 கன அடி, அதாவது சுமார் 34,000 லிட்டர் காற்று. தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறார். இரண்டு பேருக்கு 25 லிட்டர். 34,000 லிட்டரில் 25 லிட்டர் சேர்ந்தால் மணிக்கு ஏறக்குறைய 735 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 735 பங்கு, ஏறும். வெளிக்காற்றிலேயே 420க்கு மேல் இருக்கிறது, அங்கிருந்துதான் தொடங்குகிறோம். கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு வழியாக மணிக்குப் பாதி அறைக் காற்று மாறுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், விடியும்போது 1,900 பக்கத்தில் போய் நிற்க வேண்டும். இடுக்குகளின் அளவைப் பொறுத்து 1,500 வரலாம், 2,500 வரலாம். 430 வரவே வராது. அது மொட்டை மாடியில் காட்ட வேண்டிய எண்.

விற்றவருக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது: “சார், பால்கனியில் வைத்தால் 400 காட்டுகிறதா? வாயால் ஊதினால் ஏறுகிறதா? அப்படியென்றால் பீஸ் நன்றாகத்தான் இருக்கிறது.” இந்த இரண்டு சோதனையையும் நன்றாகக் கவனியுங்கள். போலி மானிட்டர் தவறாமல் பாஸாவது இந்த இரண்டில்தான். ஏன் என்பது பெட்டியைத் திறந்த பிறகுதான் புரிந்தது.

பின்பக்கம் நான்கு ஸ்க்ரூ. உள்ளே ஒரு பேட்டரி, திரை, பச்சைப் பலகை. பலகையில் சட்டைப் பொத்தான் அளவில், மேலே வலை போட்ட ஓர் உலோக மூடி. பக்கத்தில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் சின்னச் சில்லு. அவ்வளவுதான். அந்த வலைக்குள் இருப்பது சூடாக்கப்பட்ட உலோக ஆக்சைடு. ஆல்கஹால், பெயின்ட் ஆவி, சென்ட், புகை போன்றவை பட்டால் அதன் மின்தடை மாறும். கார்பன் டை ஆக்சைடு பட்டால் அது அசைந்து கொடுக்காது. மனிதர்கள் இருக்கும் அறையில் வாசனை ஆவிகளும் மூச்சுக்காற்றும் சேர்ந்தே ஏறும் என்று ஓர் அனுமானத்தை வைத்துக்கொண்டு, ஆவியின் அளவிலிருந்து CO2 எண்ணை மென்பொருள் ஊகித்துப் போடுகிறது. இப்படிப்பட்ட சென்சார்களைச் செய்யும் கம்பெனிகள் தங்கள் தொழில்நுட்பத் தாளில் அதை eCO2, அதாவது CO2-வுக்கு இணையான மதிப்பு, என்று நேர்மையாகத்தான் எழுதுகிறார்கள். அந்த ‘e’ பெட்டிக்கு வரும்போது காணாமல் போய்விடுகிறது.

அந்த ஊக எண்ணின் தொடக்கமே 400. ஆவி எதுவும் இல்லாவிட்டால் அது 400தான் காட்டும், பால்கனியில் வைத்தாலும் சரி, மூடிய அறையில் வைத்தாலும் சரி. ஊதினால் ஏறுவதும் அப்படித்தான்: மூச்சில் ஈரமும் வேறு ஆவிகளும் இருக்கின்றன, உலோக ஆக்சைடு அதற்கு மசிகிறது.

HCHO, அதாவது ஃபார்மால்டிஹைடு எண் இன்னும் கேவலம். TVOC, அதாவது ஆவிகளின் மொத்த அளவு, 0.24 என்றால் HCHO 0.048. 0.60க்கு 0.120. 1.15க்கு 0.230. எப்போது பார்த்தாலும் ஐந்தில் ஒரு பங்கு. அளப்பதாவது, வகுத்தல் கணக்கு! PM2.5 அளக்கும் சென்சாரில் ஒரு குட்டி ஃபேன் இருக்கும்; தூசிக் காற்றை லேசர் ஒளிக்கு முன்னால் இழுத்து, தெறிக்கும் ஒளியை எண்ணும். பெட்டியைக் காதோரம் வைத்தால் மெல்லிய ‘விர்’ சத்தம் கேட்க வேண்டும். இதில் ஃபேனும் இல்லை, லேசரும் இல்லை. ஆனால் PM2.5, PM10 இரண்டும் திரையில் ஜோராக மாறிக்கொண்டிருந்தன.

பெட்டியைத் திறந்தால் திரும்ப எடுக்க மாட்டார்கள். எனவே திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் திறக்காமலே இரண்டு சோதனை செய்துவிடுங்கள். முதலாவது, ஒரு துண்டுப் பஞ்சில் சானிடைசர் தொட்டு மானிட்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். நீங்கள் தள்ளி நில்லுங்கள், உங்கள் மூச்சு அதில் படக் கூடாது. TVOC ஏறட்டும், அது நியாயம். CO2-வும் கூடவே ஆயிரக்கணக்கில் எகிறினால் அது ஊகம்தான். PM2.5-உம் சேர்ந்து ஏறினால் அதுவும் அதே கதை. (ஸ்ப்ரே சானிடைசர் வேண்டாம். அதன் துளிகளை நல்ல லேசர் சென்சாரும் தூசி என்று எண்ணிவிடும்.)

இரண்டாவது இதற்கு நேர் எதிர். மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், திரை தெரியும்படி மானிட்டரை வையுங்கள். ஒரு டம்ளரில் சாதா சோடாவை ஊற்றி உள்ளே வைத்து மூடுங்கள். பன்னீர் சோடா, கோலா எதுவும் வேண்டாம், வாசனை கணக்கைக் கெடுக்கும். சோடாவிலிருந்து வருவது வாசனையில்லாத கார்பன் டை ஆக்சைடு. உண்மையான மீட்டர் சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கில் ஏறும். என்னுடையது 400க்கும் 450க்கும் நடுவிலேயே சொகுசாக உட்கார்ந்திருந்தது. இரண்டையும் வீடியோ எடுத்து வைத்தேன். பிறகு உதவியது அதுதான்.

சமையலறையில் சோதித்துப் பார்க்காதீர்கள். கேஸ் அடுப்பு எரிந்தாலே உண்மையான CO2-வும் வரும், தாளித்தால் ஆவியும் புகையும் வரும். நல்ல மீட்டரும் ஏறும், போலியும் ஏறும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, திரையில் எத்தனை எண் என்பதல்ல, CO2-வுக்கு எந்த சென்சார் என்பதுதான். NDIR என்று எழுதியிருக்க வேண்டும்; அகச்சிவப்பு ஒளியைக் காற்றின் வழியே விட்டு, கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு ஒளியைக் குடிக்கிறது என்று அளக்கும் முறை அது. S8, MH-Z19 போன்ற மாடல் பெயர்கள் அந்த வகை. SCD40, SCD41 என்றால் ஒளியைக் குடித்த வாயு எழுப்பும் நுண்ணிய ஒலியைக் கேட்டு அளப்பது. அதுவும் நிஜ அளவுதான். இந்த சென்சார் மட்டுமே ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். அப்படியிருக்க, முழுப் பெட்டியே இரண்டாயிரத்துக்கு ஒன்பது அளவோடு வருகிறது என்றால் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சென்சார் பெயரைக் கேட்டதற்கு “ஹை பிரசிஷன் சிப் சார்” என்று பதில் வந்தால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடலாம்.

அப்புறம் அக்கம்பக்கத்தில் விசாரித்து NDIR உள்ள ஒன்றை வாங்கினேன். படுக்கையறையில் காலையில் 1,850. ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைத்ததும் 1,000 பக்கத்தில் இறங்கிவிட்டது.

அதுவும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. பெரும்பாலான மீட்டர்கள் ஒரு வாரம் போல கவனித்து, அதில் வந்த மிகக் குறைந்த எண்ணை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு, 400க்குத் தங்களைத் திருத்திக்கொள்ளும். ஜன்னலே திறக்காத அறையில் மிகக் குறைந்ததே 600 என்றால், மீட்டர் அந்த 600-ஐ 400 ஆக்கிவிடும். அதற்குப் பிறகு எல்லா எண்ணும் 200 குறைத்தே காட்டும், அதுவும் நல்ல பிள்ளை போல. வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் பால்கனியில் வைத்து எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

PM2.5 நிஜ சென்சாராக இருந்தாலும் மார்கழி விடியற்காலையில் நம்பாதீர்கள். ஈரப்பதம் எண்பதைத் தாண்டினால் தூசித் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடும், லேசருக்குப் பெரிய தூசியாகத் தெரியும். உண்மையைவிட ஒன்றரை மடங்கு, சில நாள் அதற்கும் மேல் காட்டும். வெயில் ஏறி ஈரம் குறைந்த பிறகு பாருங்கள். AQI என்ற எண்ணைக் கண்டுகொள்ளவே வேண்டாம். கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் PM2.5 என்பது இந்தியக் கணக்கில் AQI 100, அமெரிக்கக் கணக்கில் 150க்கு மேல். பெட்டி எந்த நாட்டுக் கணக்கைப் போடுகிறது என்று எங்கேயும் எழுதியிருக்காது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். போலி மானிட்டர் CO, அதாவது கார்பன் மோனாக்சைடுக்கு எப்போதும் 000 காட்டியது. குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் இதை நம்பினால் உயிருக்கே ஆபத்து. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. அதற்கென்று தனியாக எலக்ட்ரோகெமிக்கல் சென்சார் உள்ள அலாரம் வாங்குங்கள், கீசர் அறையில் காற்றோட்டத்தைப் பாருங்கள். CO2 மீட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் CO-வைக் காட்டாது.

பணம் விஷயம்: பொருளை விற்றவர் கடைசிவரை “கேலிப்ரேட் பண்ணுங்க சார்” என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து, சோடா வீடியோவையும், விளம்பரத்தில் ‘CO2 சென்சார்’ என்று இருந்த பக்கத்தின் படத்தையும் கொடுத்தேன். விற்பனைத் தளம் பணத்தைத் திருப்பித் தந்தது, பெட்டியைத் திரும்பக் கேட்கவில்லை. விளம்பரம் ஒரு வாரம் காணாமல் போனது. இப்போது அதே படம், அதே தொட்டில், வேறொரு பெயரில் முந்நூறு ரூபாய் குறைத்து வந்திருக்கிறது.