இழுவை வண்டில் நல்லது, அட்டையில் எழுதியிருப்பதுதான் பொய்

கிளிநொச்சியில் ஒரு கடை மர இழுவை வண்டிலின் விலையைக் குறைத்திருக்கிறது, பத்து மாதப் பிள்ளைக்கு வாங்கலாமா என்று சினேகிதி ஒருத்தி கேட்டிருந்தா. அதே வண்டில் எங்கள் வீட்டில் ஒரு மாரியையும் ஒரு சோளகத்தையும் கண்டுவிட்டது. அண்மையில் திருத்தவும் வேண்டி வந்தது.

வண்டிலில் குறை சொல்ல அதிகமில்லை. உடல் பாரமாக இருப்பதால் முற்றத்து மணலில் இழுத்தாலும் கவிழாது. விளிம்புகளை நன்றாக உருட்டித் தேய்த்திருக்கிறார்கள். சில்லு உருளும்போது வரும் கடகட சத்தத்துக்காகவே பிள்ளைகள் அதை விடமாட்டார்கள்.

எரிச்சல் முழுவதும் கடைக்காரர் தொங்கவிட்ட அட்டையில்தான். "இயற்கை மரம். நச்சற்ற வண்ணம். 1 வயது முதல்." வண்டிலைப் புரட்டிப் பார்த்தால், செய்தவர்கள் ஒட்டிய சின்ன ஸ்ரிக்கரில் 0-3 என்று எழுதிக் குறுக்கே கோடு போட்ட குழந்தை முகம் இருக்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்காதே என்பதுதான் அதன் பொருள். "எங்கள் பிள்ளை கெட்டிக்காரன், விளையாடுவான்" என்று அதைத் தாண்டிப் போகிறவர்கள் பலர். அந்தக் குறி கெட்டித்தனத்தைப் பற்றியதே அல்ல. கழரக்கூடிய சிறு துண்டு தொண்டையில் அடைக்கும் என்பதைப் பற்றியது.

இந்த வண்டிலில் அந்தத் துண்டு எது என்று சோளகம் காட்டிவிட்டது. ஒவ்வொரு சில்லையும் குடைத்தலை கொண்ட ஒரு மரமுளைதான் உடலோடு பிடித்து வைத்திருக்கிறது. மாரியில் முளை ஈரம் குடித்து ஊதும். துளை இடம் கொடுக்காததால் அதன் நார்கள் நசுங்கும். காய்ந்த காற்று அடிக்கும்போது முளை சுருங்கும், ஆனால் நசுங்கிய நார் பழைய பருமனுக்குத் திரும்பாது. பசையும் விட்டுப்போக, முளை கையோடு வந்துவிடும். தலை 15 மில்லிமீற்றர், நீளம் 30. சிறு துண்டுகளைச் சோதிக்கும் குழாயின் உள்விட்டம் 31.7 மில்லிமீற்றர், அடி சரிவானது, ஆழம் 25.4 முதல் 57.1 வரை. அதற்குள் நசுக்காமல் முழுதாக இறங்கும் எதுவும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பொம்மையிலிருந்து கழரக்கூடாது. இந்த முளை தாராளமாக இறங்கும்.

திருத்துவது கடினமில்லை. துளையிலும் முளையிலும் உள்ள பழைய பசையைச் சுரண்டி, வெள்ளை மரப்பசை பூசி இறக்கி, ஒரு நாள் காயவிட வேண்டும். பிறகு உடலின் அடிப்பக்கமிருந்து முளைக்குக் குறுக்கே 3 மில்லிமீற்றர் துளை போட்டு, மூங்கில் குச்சியைப் பசையோடு அடித்து, மட்டமாக வெட்டித் தேய்த்துவிட வேண்டும். இனிப் பசை விட்டாலும் குச்சி பிடிக்கும். சோதிக்க, சில்லு கீழே பார்க்க வண்டிலைப் பிடித்து, முளைத்தலையில் கயிறு கட்டி, வாளியோடு சேர்த்து ஒன்பது கிலோ வரும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பிப் பத்து விநாடி தொங்கவிடலாம். பொம்மைகளுக்கான ஐரோப்பியத் தரச் சோதனையில் 90 நியூட்டன் இழுவை என்பது ஏறக்குறைய அந்தப் பாரம்தான்.

"இயற்கை மரம்" என்பதும் பாதிதான் உண்மை. உடல் வெளிறிய இறப்பர் மரம். இறப்பர் மரத்தைப் பூச்சியும் பூஞ்சணமும் இலகுவில் பிடிக்கும் என்பதால் பொதுவாகப் போரோன் மருந்து ஏற்றித்தான் பலகையாக்குவார்கள். சில்லோ முழு மரமே இல்லை, மரநாரைப் பசையோடு அமுக்கிச் செய்த எம்.டி.எஃப் பலகை. பூச்சு உரிந்த இடத்தில் பார்த்தால் இழையோட்டம் தெரியாது, அமுக்கிய தூள் மாதிரி இருக்கும். மழையில் ஒரு இரவு கிடந்தால் விளிம்பு பொங்கும், காய்ந்தாலும் இறங்காது. எம்.டி.எஃப் போட்டது குற்றமில்லை, சொல்லாமல் விட்டதுதான்.

"நச்சற்ற வண்ணம்" யாரும் எழுதலாம். ஈரவெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் சாயம் இறங்குகிறதா என்று தெரியும், ஈயம் இருக்கிறதா என்று தெரியாது. அதற்கு ஆய்வுகூட அறிக்கை வேண்டும். கடையில் கேட்டால் காட்டினது சிரிப்பைத்தான்.

நேர்மையான அட்டைக்கு நாலு வரி போதும்:

"உடல்: இறப்பர் மரம், பூச்சிமருந்து ஏற்றியது. சில்லு: எம்.டி.எஃப், நனைக்க வேண்டாம். வண்ணம்: நீரில் கரைத்துப் பூசுவது, ஈயச் சோதனை செய்யப்படவில்லை. 3 வயதுக்கு மேல். சில்லு முளை கழரலாம், மாதமொருமுறை இழுத்துப் பாருங்கள்."

இப்படி எழுதினால் விற்காது என்பார்கள். மூன்று வயதுப் பிள்ளை உள்ள வீட்டார் இதைப் படித்துவிட்டும் வாங்குவார்கள், ஏனென்றால் வண்டில் உண்மையிலேயே நல்லது.

சினேகிதிக்கு என் பதில்: வாங்காதேங்கோ. பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். முளையைத் திருத்தலாம், பத்து மாதப் பிள்ளை சப்பப்போகும் வண்ணத்தை வீட்டில் திருத்த முடியாது.