தொட்டிக்கு ஏற எந்த ஏணி: மூங்கிலா, அலுமினியமா, ஃபைபரா?

வேலூர், காட்பாடிப் பக்கத்துத் தனி வீடுகள் பலவற்றில் மொட்டை மாடி வரைக்கும்தான் படிக்கட்டு உண்டு. கொத்தனார்கள் ஹெட்ரூம் என்று சொல்லும் படிக்கட்டு அறையின் கூரைமேல் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கும்; மிதவை வால்வு சிக்கினாலும், தொட்டியைக் கழுவ வேண்டியிருந்தாலும் ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். எங்கள் வீடும் அப்படித்தான். இந்த வேலைக்காக மூன்று வகை ஏணிகளையும் பார்த்துவிட்டு, இரண்டாகப் பிரிந்து நீளாத, 12 அடி ஒற்றை அலுமினிய ஏணியை வாங்கினேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதில் செய்த ஏணி என்பதற்கு முன், நீளத்தைக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. ஹெட்ரூமின் கூரை மொட்டை மாடித் தரையிலிருந்து 8 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் ஏணியின் கால் சுவரிலிருந்து 2 அடி தள்ளி நிற்க வேண்டும். அந்தச் சாய்வில் கூரை விளிம்பைத் தொடவே எட்டேகால் அடி ஏணி செலவாகிவிடும். ஏறி முடித்துக் கூரையில் கால் வைக்கும்போதும், அதைவிட முக்கியமாக மறுபடி ஏணிக்குத் திரும்பும்போதும், கையால் பிடித்துக்கொள்ள விளிம்புக்கு மேல் 3 அடியாவது ஏணி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆக 12 அடி. ‘பத்தடி போதும் சார்’ என்று கடையில் சொன்னால், சுவரை மட்டும் தொட்டால் போதும் என்று அவர் நினைக்கிறார் என்று பொருள்.

விலையிலும் எடையிலும் நீண்ட பேச்சுக்கு இடமில்லை. மூங்கில் மலிவு, ஃபைபர் விலை கூட, அலுமினியம் நடுவில். அலுமினியத்தை ஒருவரே தோளில் போட்டு மாடிப்படி ஏறிவிடலாம். அதே நீள ஃபைபர் ஏணி அதைவிடக் கனமாக இருக்கும். வேண்டாம் என்றாகிவிட்டால் அலுமினியம் பழைய இரும்புக் கடையில் கிலோக் கணக்கில் விலை போகும், மூங்கில் அடுப்புக்குப் போகும், ஃபைபரைக் காயலான் கடைக்காரர் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: ஏணி கெட்டுப்போனால் அது ஏறுகிறவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்பது. வீட்டு ஏணி தினமும் புழங்கும் பொருளில்லை. மாதக்கணக்கில் மாடியில் வெயிலில் கிடக்கும். திடீரென ஒரு நாள் தொட்டி வழியும், எடுத்துச் சாத்தி ஏறுவோம். அந்த ஐந்து நிமிடத்தில் அதன் நிலைமையை நம்மால் படித்துவிட முடிய வேண்டும்.

மூங்கில் இந்த இடத்தில்தான் தோற்கிறது. நல்ல மூங்கில் ஏணியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உள்ளே பொந்தில்லாத, அல்லது பொந்து மிகச் சிறிதான கல் மூங்கிலில் செய்தது வலுவானது, காலுக்கும் இதமானது. எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வரும் பெரியவர், “தம்பி, அலுமினியப் படியில நாள் முழுக்க நின்னு பாரு, உள்ளங்கால் கழண்டு போயிடும்” என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அவர் தன் ஏணியை அன்றாடம் கையாள்கிறார், நிழலில் வைக்கிறார், தளர்ந்த கட்டை உடனே இறுக்குகிறார். நம் மாடியில் கிடக்கும் மூங்கில் சித்திரை வெயிலில் உலர்ந்து சுருங்க, கட்டுக்கம்பி அப்படியே நிற்கும், படி மட்டும் துளைக்குள் ஆடத் தொடங்கும். மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்காக வண்டு துளைத்து உள்ளே போய்விட்டால் வெளியே தெரிவது குண்டூசித் தலை அளவுத் துளையும் அடியில் கொட்டிய மாவும்தான். காற்றடித்தால் அந்த மாவும் போய்விடும். வழவழப்பான மேல்தோல் அப்படியே இருக்க, உள்ளே உளுத்துப் போயிருக்கும். மூங்கில்தான் வேண்டும் என்கிறவர்கள், ஏணியைத் தரையில் கிடத்தி இரு முனைக்கும் செங்கல் முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு படியையும் காலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கழியைக் கணுவுக்குக் கணு சிறு கல்லால் தட்டினால், கெட்டியான இடம் கணீரென்றும் உளுத்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும். அழகுக்காக அதற்குப் பெயிண்ட் அடிப்பது மட்டும் கூடவே கூடாது, விரிசல்கள் எல்லாம் அதனடியில் மறைந்துவிடும்.

அலுமினியம் தன் குறையைப் பெரும்பாலும் வெளியே காட்டிவிடும். ஏணியை நிமிர்த்தும் முன், ஒரு முனையில் கண்ணை வைத்துப் பக்கச் சட்டத்தின் நீளம் முழுவதையும் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். கோணிய சட்டத்தைச் சுத்தியலால் தட்டி நேராக்கலாம் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். வளைந்து நிமிர்ந்த இடம் பழைய வலுவுக்குத் திரும்பாது. பிறகு ஒவ்வொரு படியையும் இரு கைகளாலும் பிடித்துத் திருக வேண்டும். படி அணுவளவு சுழன்றாலும் அது சட்டத்தோடு சேரும் பிடிப்பு தளர்ந்துவிட்டது என்று பொருள். அந்த இணைப்பைச் சுற்றி மயிரிழை போன்ற கீறல் இருக்கிறதா, ரிவெட் தலை எழும்பியிருக்கிறதா என்றும் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். கடைசியாகக் கீழே உள்ள ரப்பர் புஷ்: அது தேய்ந்து உலோகம் எட்டிப்பார்த்தால், வழவழப்பான மாடி ஓட்டின்மேல் ஏணி சறுக்கிக்கொண்டு போகும். புது புஷ் வாங்கி மாட்டுவது சின்னச் செலவு. வெள்ளையடிக்கும் நாளில் ஏணிமேல் தெறிக்கும் சுண்ணாம்பையும் சிமெண்ட் பாலையும் அன்றே கழுவிவிடுங்கள், ஈரச் சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும்.

ஏணி நன்றாக இருந்தும் வைக்கும் இடம் தவறினால் பயனில்லை. ஹெட்ரூமின் ஒரு பக்கம் கைப்பிடிச் சுவரை ஒட்டியிருந்தால், அந்தப் பக்கம் வேண்டாம். அங்கே சறுக்கினால் விழுவது மாடித் தரையில் அல்ல, தெருவில். மேல்முனை கூரை விளிம்பில் சாய வேண்டும், தொட்டியிலிருந்து இறங்கும் பிளாஸ்டிக் குழாயில் அல்ல. கூரையில் ஒரு இரும்பு வளையத்தை ஆங்கர் போல்ட் போட்டுப் பொருத்திக்கொண்டால், மேலே ஏறியதும் ஏணியைக் கயிற்றால் கட்டிவிடலாம். ஆனால் அந்த முதல் ஏற்றத்துக்கு ஒருவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வெயில் நேரத்தில் அலுமினியம் கையைச் சுட்டுவிடும் என்பதால் காலையிலேயே ஏறுவது நல்லது. சூடு தாங்காமல் பிடியை விடுவதும் விழுவதற்கு ஒரு காரணம்தான்.

இவ்வளவும் சொன்ன பின், அலுமினியம் கூடாத ஒரு வீடும் உண்டு. தெருக் கம்பத்திலிருந்து வரும் மின்கம்பி மாடி ஓரமாகப் போகிறது, அல்லது சர்வீஸ் வயர் ஹெட்ரூம் சுவரிலேயே கட்டப்பட்டிருக்கிறது என்றால், 12 அடி உலோகத்தை அங்கே நிமிர்த்தும்போது முனை எங்கே போகும் என்று கணித்துப் பாருங்கள். கம்பிக்கு 10 அடிக்குள் அது வரக்கூடும் என்றால் ஃபைபர்தான் வாங்க வேண்டும், விலையைப் பார்க்கக் கூடாது. கேபிள் வேலை செய்யும் நண்பரிடம் இரவல் வாங்கிப் பயன்படுத்திய அளவில், ஃபைபர் ஏணி ஆடாமல் நிற்கிறது, சூடும் குறைவு. ஆனால் அதிலும் படிகள் பெரும்பாலும் அலுமினியம்தான், சட்டம் மட்டுமே ஃபைபர். அந்தச் சட்டமும் ஈரமோ அழுக்கோ இல்லாதபோதுதான் மின்சாரத்தைத் தடுக்கும். பல ஆண்டு வெயிலில் அதன் மேற்பூச்சு வெளுத்து, நார் கிளம்பிக் கையில் குத்தத் தொடங்கும். அதன்பின் ஈரம் எளிதாக உள்ளே தங்கும். ஆகவே ஃபைபர் வாங்குகிறவர் அதை மாடியில் விடாமல், படிக்கட்டுக்கு அடியில் நிழலாகப் படுக்கவைக்க இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டுக் கடைக்குப் போகட்டும்.