முதல் லேப்டாப்: மேக்கா, விண்டோஸா?

அக்கா மகள் இந்த வருடம் பி.காம். சேர்ந்தாள். "மாமா, எல்லாரும் மேக் நல்லாருக்குன்னு சொல்றாங்க, அதையே வாங்கிடலாமா?" என்று கேட்டாள். அக்காவும் பணத்தைத் தயாராக வைத்திருந்தார். நான் விண்டோஸ் வாங்கச் சொன்னேன், அதையே வாங்கினோம். விலை குறைவு என்பது மட்டும் அதற்குக் காரணமில்லை.

என் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021 கடைசியில் நான் விண்டோஸ் லேப்டாப் வாங்கினேன். அதே மாதம் தம்பி ஆப்பிளின் எம்1 சிப் உள்ள மேக்புக் ஏர் வாங்கினான். நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், அவன் டிசைன் வேலை செய்கிறான். அவனுடைய மேக்கில் விட்டு விட்டு ஆறு மாதம் போல வேலை செய்திருக்கிறேன். மேக்கைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அந்த அளவு அனுபவத்தில்தான்.

மென்பொருள் விஷயத்தில் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. பிரவுசர், வேர்ட், எக்செல், ஜூம் எல்லாம் இரண்டிலும் உண்டு. தமிழ்99 விசைப்பலகையும் இரண்டிலும் கூடவே வருகிறது. சிக்கல் படிப்பையும் தொழிலையும் பொறுத்தது. காமர்ஸ் படிப்பவருக்குக் கணக்கு எழுதும் டேலி பிரைம் வேண்டும், அது விண்டோஸுக்கு மட்டும்தான். மெக்கானிக்கல் மாணவருக்கு பாகங்களை வரையும் சாலிட்வொர்க்ஸ் வேண்டும், அதுவும் அப்படியே. முன்பு இன்டெல் மேக்கில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸையும் போட்டுக்கொள்ள முடிந்தது. எம்1 முதல் வரும் மேக்குகளில் அந்த வசதி இல்லை. மேக்கிற்குள் விண்டோஸை ஓட்ட பேரலல்ஸ் போன்ற மென்பொருளைத் தனியாகப் போட வேண்டும். முதல் வருட மாணவிக்கு அது தேவையில்லாத தலைவலி. எதிர்ப்பக்கமும் உண்டு: ஐபோன் செயலி எழுத வேண்டுமென்றால் அதற்கான எக்ஸ்கோடு மென்பொருள் மேக்கில் மட்டும்தான் ஓடும். அந்தப் பாதையில் போகிறவர் மேலே படிக்க வேண்டியதில்லை, மேக்கையே வாங்கலாம்.

மேக்குக்குப் பழகுவது ஒன்றும் பெரிய மலையில்லை. எனக்குக் கை பழக இரண்டு வாரம் ஆனது. முதல் நாள் ஒரு கோப்பைத் திறக்க என்டரைத் தட்டினேன். அது பெயர் மாற்றும் பெட்டியைக் காட்டியது. கோப்பை வெட்டி ஒட்ட கமாண்ட்+சி போட்டு, ஒட்டும் இடத்தில் கமாண்ட்+ஆப்ஷன்+வி போட வேண்டும். சிவப்பு பட்டனை அழுத்தினால் ஜன்னல் மூடும், செயலி பெரும்பாலும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் பழகிவிடும். பழகியும் தீராதது ஒன்று உண்டு. விண்டோஸில் NTFS முறையில் ஃபார்மேட் செய்த ஹார்ட் டிஸ்கை மேக் படிக்கும், அதில் எழுதாது. நண்பர்களிடம் டிஸ்க் வாங்கிப் பாடங்களைக் கொடுத்து வாங்கும் மாணவிக்கு இது அடிக்கடி இடிக்கும். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் இரண்டிலும் எழுதலாம், ஆனால் அதற்கு முன் டிஸ்கைக் காலி செய்ய வேண்டும்.

இனி என் முடிவுக்கு வந்த காரணம். முதல் லேப்டாப் வாங்குகிறவருக்குத் தனக்கு வேலை நடக்கும்போது பயன்படும் மெமரி எவ்வளவு, கோப்புகளைச் சேமிக்கும் ஸ்டோரேஜ் எவ்வளவு வேண்டும் என்று தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை. மேக் அந்தக் கணக்கைக் கடையிலேயே போடச் சொல்கிறது. அதில் மெமரி பிராசசரோடு ஒரே பொதியாக இருக்கிறது. மேக்கின் வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம். மேக்புக் ஏரில் ஸ்டோரேஜ் சிப்பும் போர்டில் சால்டர் செய்தது. வாங்கிய பிறகு இரண்டையும் கூட்ட முடியாது. வாங்கும்போதே கூட்டினால் அதற்கு ஒரு விலை: 2025 மார்ச்சில் எம்4 ஏர் வந்தபோது 16 ஜிபி மெமரி, 256 ஜிபி ஸ்டோரேஜுக்கு 99,900 ரூபாய். ஸ்டோரேஜ் 512 ஆனால் 1,19,900. 512க்குப் போக இருபதாயிரம் கூடுதல்.

தம்பி 8 ஜிபி மெமரி, 256 ஜிபி ஸ்டோரேஜ் எடுத்தான். அப்போது அது போதும் என்றுதான் நானும் சொன்னேன். இரண்டாம் வருடம் ஸ்டோரேஜ் நிரம்பியது. மெமரி போதாமல் போனால் கணினி ஸ்டோரேஜையே மெமரியாகப் பயன்படுத்தும், அதற்கும் இடம் வேண்டும். ஆக்டிவிட்டி மானிட்டரில் Memory Pressure பட்டை மஞ்சளுக்குப் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வெளியே செருகும் 1 டிபி எஸ்எஸ்டி ஸ்டோரேஜ் வாங்கினான், ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் 200 ஜிபி எடுத்தான். இருப்பதே இரண்டு யுஎஸ்பி-சி துளை, அதனால் துளைகளைக் கூட்டிக்கொள்ள ஒரு ஹப்பும் வேண்டியிருந்தது.

எனக்கும் கணக்குத் தப்பியது. நானும் 8 ஜிபிதான் எடுத்திருந்தேன். டேலி, பெரிய எக்செல், பிரவுசர் மூன்றையும் திறந்தால் டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதம் காட்டும். ஆனால் என் லேப்டாப்பில் மெமரி செருகும் ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தது. இன்னொரு 8 ஜிபி போட்டேன், கடையில் கால் மணி நேர வேலை. அடுத்த வருடம் 512 எஸ்எஸ்டியைக் கழற்றி 1 டிபி போட்டேன், மூன்றாம் வருடம் பேட்டரி மாற்றினேன்.

நான்கு வருடக் கணக்கு இது. என்னுடையது 52,000, மெமரி 2,000, எஸ்எஸ்டி 5,500, பேட்டரி 3,600, மொத்தம் 63,100. விற்றால் 14,000 தருவதாகச் சொன்னார்கள், ஆக 49,100. தம்பிக்கு மேக் 84,000, ஹப் 2,200, எஸ்எஸ்டி 7,000, ஐகிளவுட் மாதம் 219 வீதம் இரண்டு வருடத்துக்கு 5,256, மொத்தம் 98,456. அவனுக்கு 36,000 கேட்டார்கள், ஆக 62,456. வாங்கும்போது இருந்த 32,000 வித்தியாசம் கடைசியில் சுமார் 13,000 ஆகக் குறைந்துவிட்டது. மறுவிற்பனையில் மேக் நிச்சயம் ஜெயிக்கிறது. அவன் பேட்டரியும் இன்னும் மாற்றவில்லை, விசிறிச் சத்தம் கிடையாது, கரண்ட் போனால் கவலையில்லை. அந்த 13,000க்கு இதெல்லாம் தகும் என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். தன் தேவை தெரிந்தவருக்கு அது சரியான பேரம். அக்கா மகளுக்கு இன்னும் தெரியாது.

விண்டோஸ் என்றாலே கூட்டிக்கொள்ளலாம் என்று நம்பிவிடக் கூடாது. ஒல்லியான மாடல்கள் பலவற்றில் மெமரி சால்டர் செய்ததுதான். விவரப் பட்டியலில் LPDDR என்று தொடங்கினால் பெரும்பாலும் அதுதான் பொருள். DDR4, DDR5 என்று மட்டும் இருந்தால் ஸ்லாட் இருக்க வாய்ப்பு அதிகம். கடையில் ஓடும் டெமோ பீஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, Performance, Memory என்று போய் "Slots used" வரியைப் பாருங்கள். 1 of 2 என்றிருந்தால் ஒன்று காலி.

எஸ்எஸ்டி மாற்றும் முன் இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 11 லேப்டாப் பெரும்பாலும் டிஸ்கைத் தானாகப் பூட்டி வைத்திருக்கும். பழைய எஸ்எஸ்டியை வெளிப்பெட்டியில் போட்டுச் செருகினால் 48 இலக்க எண் கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கழற்றும் முன்பே எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கணக்கின் பாஸ்வேர்டு மறந்து நிற்க வேண்டாம்.

அக்கா மகளுக்கு 54,000 ரூபாயில் 16 ஜிபி, 512 ஜிபி எடுத்தோம். மூன்று கடை ஏறி இறங்கினோம். முதல் இரண்டு கடையில் காட்டியவை அழகாக இருந்தன, ஆனால் LPDDR5. மூன்றாவது கடையில் அவளே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தாள். 1 of 2 என்று காட்டியது.