பாஸ்போர்ட்டை எங்கே புதுப்பிப்பது: லண்டனிலா, ஊரிலா, பழையதோடே சமாளிப்பதா?

ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கங்களிலிருந்து இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போன பிள்ளைகள் சித்திரை வருடப்பிறப்புக்கு லீவில் வருகிறார்கள். வந்த கையோடு இரண்டு வேலை நடக்கிறது: கல்யாணப் பதிவு, பாஸ்போர்ட் புதுப்பிப்பு. ஊர்க்காரர்களுக்கு இரண்டும் சாதாரண காரியம். ஆனால் வீசா இங்கிலாந்துடையது, அங்கேயும் தெரியப்படுத்த வேண்டும். எதை எங்கே செய்து எப்போது சொல்வது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள்.

ஒரு விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். முன்பெல்லாம் வீசாவுக்குச் சான்றாகப் பிஆர்பி என்றொரு அட்டை கையில் இருக்கும். அந்த அட்டைகள் பெரும்பாலும் 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்துபோயின. இப்போது வீசா என்பது இணையத்தில் இருக்கும் பதிவு, அதாவது ஈவீசா. அந்தப் பதிவு, இங்கிலாந்தின் வீசாப் பிரிவான UKVI-இல் உங்களுக்குள்ள இணையக் கணக்கில் நீங்கள் இணைத்த பாஸ்போர்ட் இலக்கத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. பாஸ்போர்ட் மாறி இலக்கம் மாறினால் வீசா செத்துப்போவதில்லை. கட்டுநாயக்கவில் விமானக் கம்பெனிக்காரர் புது இலக்கத்தைத் தட்டிப் பார்க்கும்போது அது அகப்படாமல் போகலாம், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் போர்டிங் பாஸைத் தடுத்து நிறுத்தப் போதும்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். சுகந்தி டிக்கோயாப் பக்கத்துப் பிள்ளை, பர்மிங்காமில் நர்ஸ். வீசா இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது, பாஸ்போர்ட் ஜூனில் முடிகிறது. ஏப்ரல் 3 வந்து 24 திரும்புகிறாள். இடையில் கல்யாணப் பதிவு. அவளுக்கு முன்னால் மூன்று வழி.

முதல் வழி, வருவதற்கு முன்பே லண்டன் உயர்ஸ்தானிகராலயத்தில் விண்ணப்பிப்பது. விண்ணப்பம் அங்கிருந்து கொழும்புக்கு வந்து, அச்சான பாஸ்போர்ட் திரும்பப் போக வேண்டும், ஆகவே மாதக் கணக்கில் யோசிக்க வேண்டிய வேலை. அதற்குப் பதிலாகக் கிடைப்பது நிம்மதி. புது பாஸ்போர்ட் கையில் வந்ததும் அங்கேயே உட்கார்ந்து கணக்கைத் திருத்தலாம், ஏதாவது சிக்கினாலும் பிளைட் காத்துக்கொண்டிருக்காது. ஏப்ரலில் வருகிறவர் முந்திய வருடக் கடைசியிலேயே தொடங்கிவிட்டால் என் ஓட்டு இதற்குத்தான்.

இரண்டாவது, ஊரில் செய்வது. குடிவரவுத் திணைக்களத்துக்குக் கண்டியிலும் கிளை அலுவலகம் இருக்கிறது. மூன்று வார லீவில் வந்தவருக்கு நம்பக்கூடியது பத்தரமுல்லைத் தலைமையகத்தின் ஒருநாள் சேவைதான். ஹட்டனிலிருந்து விடியற்காலைக்கும் முன்பே புறப்பட வேண்டும். அதற்கு முந்திய நாள் திணைக்களத்தில் பதிவுபெற்ற ஸ்டுடியோ ஒன்றில் படம் எடுத்து, அவர்கள் தரும் துண்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, பழைய பாஸ்போர்ட் எல்லாம் ஒரே பெயரில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பிறப்புப் பதிவுகளில் அப்பா பெயரின் எழுத்து ஒன்றிருக்க, அடையாள அட்டையில் வேறொன்றிருப்பது நமக்குப் புதிதல்ல. புத்தாண்டு விடுமுறையில் அலுவலகம் மூடியிருக்கும். 2024 செப்டம்பர், ஒக்டோபர் மாதங்களைப் போல வெற்றுப் புத்தகத் தட்டுப்பாடு வந்தால் ஒருநாள் சேவையும் ஒருநாளில் முடியாது.

சுகந்தி இந்த வழியில் போனால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே பத்தரமுல்லையை முடிக்க வேண்டும். அன்று இரவே GOV.UK தளத்தில் "Update your UK Visas and Immigration account details" என்ற பக்கத்துக்குப் போய்ப் புது பாஸ்போர்ட்டைச் சேர்க்க வேண்டும். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். உள்ளே நுழைய, கணக்குத் திறந்தபோது கொடுத்த பழைய பாஸ்போர்ட் அல்லது பிஆர்பி இலக்கமும், போனுக்கோ ஈமெயிலுக்கோ வருகிற குறியீடும் வேண்டும். இங்கிலாந்து சிம் டிக்கோயாவில் ரோமிங் இல்லாமல் கிடந்தால் குறியீடு வராது. ஆகவே ஈமெயிலைத் தேர்ந்தெடுங்கள், அதன் கடவுச்சொல்லையும் புறப்படுமுன்பே சோதித்துக்கொள்ளுங்கள். அனுப்பிவிட்டோம் என்பதோடு நிற்காமல், சில நாள் கழித்துக் கணக்கில் புது இலக்கம் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இதற்காகத்தான் முதல் வாரம் என்கிறேன். 22-ஆம் தேதி பாஸ்போர்ட் எடுத்து 24-ஆம் தேதி பறப்பவருக்கு இந்த வழி வழியே இல்லை.

மூன்றாவது, பழைய பாஸ்போர்ட்டோடே திரும்பிப்போய் அங்கே புதுப்பிப்பது. ஜூன் வரை அது செல்லும், ஈவீசாவும் அதோடுதான் கட்டியிருக்கிறது, எனவே சுகந்திக்கு இதுவும் சரிதான். இடையில் இறங்கி மாறுகிற நாட்டின் விதியை மட்டும் டிக்கட் எடுக்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். இதையும் "புதுசும் பழசும் சேர்த்துக் காட்டினால் விடுவாங்க" என்ற பேச்சையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது முத்திரையும் அட்டையும் இருந்த காலத்துப் பேச்சு. இப்போது அதை நம்பிப் போவது அதிர்ஷ்டத்தை நம்பிப் போவதுதான். அப்படி மாட்டிக்கொண்டவர் தன் கணக்கிலிருந்து பகிர்வுக் குறியீடு ஒன்றை எடுத்துக் கவுண்டரில் காட்டலாம், விமானக் கம்பெனி உள்துறை அமைச்சின் உதவி மையத்தைக் கேட்கலாம். நடக்கும், ஆனால் வரிசையில் நின்றபடி செய்ய வேண்டியிருக்கும்.

லண்டனுக்கு நேரம் போதாவிட்டால் சுகந்திக்கு நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். பாஸ்போர்ட் மார்ச்சில் முடிவதாக இருந்தால் கதையே வேறு.

கல்யாண விஷயத்தில் அவள் வீசா அவளுடைய வேலையில் நிற்கிறது, ஆகவே பதிவு செய்ததால் அது ஆடாது. ஆட்டுவது பெயர்தான். புது பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை எடுத்துவிட்டுப் புருஷன் பெயரைப் போட்டால், UKVI கணக்கிலும் பெயர் மாற வேண்டும், அப்புறம் நர்ஸ் பதிவேடு, வேலையிடம், வங்கி என்று வரிசையாக மாற வேண்டும். திரும்புகிற டிக்கட் பழைய பெயரில் இருந்தால் அதுவும் ஒரு தலையிடி. அத்தைமார் என்ன சொன்னாலும், லீவில் பெயர் மாற்ற வேண்டாம். விவாகச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். மாப்பிள்ளை அவளைச் சார்ந்தவராக வீசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அதுவும், கொழும்பில் எடுக்கும் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் தேவைப்படும். பிறகு அவர் வீசா இந்தக் கல்யாணத்தில் நிற்கும். பிரிந்தால் உள்துறை அமைச்சுக்குச் சொல்ல வேண்டிய கடமையும் உண்டு, சொல்லாமல் அதே வீசாவில் இருந்துகொள்ள முடியாது.

வீடு மாறினால் கணக்கில் முகவரியை மாற்றுவதோடு வேலை முடிந்தது.

வேலையிடம் மாறுவது மட்டும் கணக்கில் திருத்தி முடிகிற காரியம் இல்லை. பழைய முதலாளி, ஆள் விலகியதைப் பத்து வேலை நாளுக்குள் அறிவிப்பார். அதன்பிறகு வழக்கமாக வீசாவை 60 நாளாகக் குறைத்துக் கடிதம் வரும். புது முதலாளி தரும் அனுசரணைச் சான்றிதழோடு புது விண்ணப்பம் போட்டு, முடிவு வந்த பிறகே அங்கே வேலை தொடங்கலாம். அந்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஊருக்கு வந்தால், அதைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே புது ஆஸ்பத்திரியும் ஏப்ரல் லீவும் ஒன்றாக வந்தால், முடிவு கையில் வந்தபிறகே டிக்கட்டைப் போடுங்கள்.