மேலே ஏழு புள்ளிக்கு மேல் பார்க்கத் தேவையில்லை: ஆறு வருடப் பயன்பாட்டு அனுபவம்

மட்டக்களப்பில் கிணற்றுக் கணக்கெடுப்புத் தரவோடு ஆறு வருடமாக வேலை செய்கிறேன். களத்துக்குப் போகிறவர்கள் போனில் ஒவ்வொரு கிணற்றின் இடத்தையும் பதிந்து அனுப்புவார்கள். ஒரே கிணற்றை இரண்டு பேர் இரண்டு தரம் பதிந்துவிடுவது இந்த வேலையின் ஓயாத தலையிடி. அதைப் பிடிக்க நான் முதலில் எடுத்த கருவி, தளத்தில் உள்ள புள்ளிகளில் மிக நெருங்கிய சோடியைக் கண்டுபிடிக்கும் பிரித்துத் தீர்க்கும் முறை. 1970-களிலேயே வெளிவந்த முறை அது. இன்றைக்கும் அதைத்தான் ஓடவிடுகிறேன். எங்கே கைகொடுத்தது, எங்கே நான் அதைத் தப்பாகப் பாவித்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

எல்லாச் சோடிகளையும் ஒவ்வொன்றாக அளப்பது லேசான வழி. ஆனால் 6000 கிணறு என்றால் 1 கோடியே 80 இலட்சம் சோடிகள். ஒரு தரம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாள் பின்னேரமும் புதிதாக வந்த பதிவுகளைச் சேர்த்து, திருத்தி, திரும்பத் திரும்ப ஓட்டும்போது அந்தக் காத்திருப்பு கையைக் கட்டிப்போடும்.

முறை இதுதான். புள்ளிகளை x வரிசையில் அடுக்கி, எண்ணிக்கையில் சரிபாதியாக ஒரு நிலைக்குத்துக் கோட்டால் பிரிக்கிறோம். இடப்பக்கத்தின் மிகக் குறைந்த தூரத்தையும் வலப்பக்கத்தின் மிகக் குறைந்த தூரத்தையும் தனித்தனியே அதே வழியில் கண்டுபிடிக்கிறோம். இரண்டில் சிறியது δ. மிச்சம் இருப்பது, ஒரு புள்ளி இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமுமாக நிற்கும் சோடிகள்தான். எங்கள் ஊர்க்காரருக்கு இதைச் சொல்வது லேசு: எழுவான்கரைக்குள் ஒரு விடை, படுவான்கரைக்குள் ஒரு விடை, அப்புறம் வாவியின் இரு கரையிலும் எதிரெதிரே நிற்கும் சோடிகளைப் பார்க்க வேண்டும். (தொடக்கத்தில் உண்மையாகவே வாவியோடு பிரித்துப் பார்த்தேன். விடை சரியாகத்தான் வரும். ஆனால் இரண்டு கரையிலும் கிணறுகள் சரிபாதியாக இல்லை. பாதிபாதியாகப் பிரியாவிட்டால் வேகம் போய்விடும்.)

சரி, கோட்டைத் தாண்டும் சோடிகளும் ஏராளம் இருக்குமே, அவற்றை எப்படிக் குறைப்பது? கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில் எடுத்த எட்டுப் பதிவுகளை, எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கி, மீட்டரில் தருகிறேன்:

```
A(20,310)  B(60,90)   C(140,250) D(185,160)
E(205,175) F(290,40)  G(330,300) H(390,180)
```

முதல் நான்கும் இடப்பக்கம், மற்ற நான்கும் வலப்பக்கம். இடப்பக்கத்தில் மிக நெருங்கியவை C, D. தூரம் 100.6 மீட்டர். வலப்பக்கத்தில் G, H. தூரம் 134.2. ஆகவே δ = 100.6. கோட்டை D-க்கும் E-க்கும் நடுவில், x = 195-இல் வைப்போம். கோட்டைத் தாண்டும் ஒரு சோடி 100.6-ஐ விட நெருக்கமாக இருக்க வேண்டுமானால், அதன் இரண்டு புள்ளிகளும் கோட்டிலிருந்து 100.6 மீட்டருக்குள் நிற்க வேண்டும். அப்படி நிற்பவை C, D, E, F மட்டும். இதுதான் பட்டை. இப்போது பட்டையில் உள்ளவற்றை y வரிசையில், கீழிருந்து மேலாக எடுக்கிறோம்: F(40), D(160), E(175), C(250). F-இலிருந்து D-க்கு உயர வித்தியாசமே 120. δ-வை விடக் கூட, எனவே F-ஐ விட்டுவிடலாம். D-இலிருந்து E-க்கு 20 குறுக்கே, 15 மேலே, தூரம் 25. δ இப்போது 25 ஆகிறது. D-இலிருந்து C-க்கு உயரம் 90, E-இலிருந்து C-க்கு 75. இரண்டும் தேவையில்லை. பட்டைக்குள் நாம் உண்மையில் அளந்த தூரம் ஒன்றே ஒன்று.

அந்த D-யும் E-யும் ஒரே கிணறா என்று பார்க்க நேரில் போனேன். வளவில் நின்ற அம்மா சொன்னா, "கிணறு ஒண்டுதான் மனே. போன கிழமை வந்த பிள்ளை உள்ள வரல்ல, படலையடியில நிண்டு எழுதிட்டுப் போயிட்டா." படலையில் நின்று எடுத்த புள்ளி ஒன்று, கிணற்றடியில் எடுத்த புள்ளி ஒன்று, நடுவில் 25 மீட்டர். இரண்டு பாதிகளையும் தனித்தனியே பார்த்து நிறுத்தியிருந்தால் இந்தச் சோடி கண்ணில் பட்டிருக்காது.

இந்த உதாரணத்தில் பட்டைக்குள் நான்கு புள்ளிகள்தான். எல்லாப் புள்ளிகளும் பட்டைக்குள் வந்துவிட்டால்? வீதியோரமாக வடக்கு தெற்காக வரிசையாக வீடுகள் இருக்கும் இடத்தில் அது நடக்கத்தான் செய்யும். அப்போதும் வேகம் கெடாது என்பதற்கான காரணம்தான் இந்த முறையின் உயிர். பட்டையில் ஒரு புள்ளி P-ஐ எடுங்கள். அதிலிருந்து மேலே δ உயரத்துக்குள் இருப்பவற்றை மட்டுமே பார்க்க வேண்டும். அந்தப் பகுதி 2δ அகலம், δ உயரம் உள்ள ஒரு செவ்வகம். அதை பக்கம் δ/2 உள்ள எட்டுச் சதுரப் பெட்டிகளாக வெட்டுங்கள்: கோட்டுக்கு இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு. ஒவ்வொரு பெட்டியும் முழுதாக ஒரே பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு பெட்டிக்குள் மிக நீளமான தூரம் அதன் மூலைவிட்டம், அதாவது 0.707δ. நம் எண்ணில் பெட்டியின் பக்கம் 50.3, மூலைவிட்டம் 71.1. ஒரே பெட்டிக்குள் இரண்டு கிணறு இருந்தால் அவற்றின் தூரம் 71.1-ஐத் தாண்டாது. ஆனால் ஒரே பக்கத்தில் இருக்கும் எந்த இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 100.6 இருக்கிறது என்று ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டோம். எனவே ஒரு பெட்டியில் ஒன்றுக்கு மேல் இருக்கவே முடியாது. எட்டுப் பெட்டிக்கு எட்டு. அதில் ஒன்று P. மிச்சம் ஏழு. ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே ஏழு பேருக்கு மேல் பார்க்கத் தேவையில்லை. ஆறாயிரம் புள்ளியும் பட்டைக்குள் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால்தான் புள்ளிகள் n என்றால் மொத்த வேலை n log n அளவுக்குள் அடங்குகிறது.

முதல் வருடம் இந்த நிரூபணத்தை வாசித்தேன், ஏழு என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன். நிரலில் "அடுத்த ஏழு" என்றே எழுதினேன். நெருங்கிய ஒரு சோடியைக் கேட்டவரைக்கும் ஒரு பிழையும் வரவில்லை. அப்புறம் வேலையின் தேவை மாறியது. படலைச் சம்பவம் தெரிந்த பிறகு, 30 மீட்டருக்குள் இருக்கும் எல்லாச் சோடிகளின் பட்டியலும் வேண்டும் என்று கேட்டார்கள். நான் δ இருந்த இடத்தில் 30 என்று போட்டு, அதே ஏழோடு ஓட்டிக் கொடுத்தேன். பட்டியலை வரைபடத்தில் வைத்துப் பார்த்த ஒரு தங்கச்சி, காத்தான்குடியில் ஒரு ஒழுங்கையைக் காட்டிக் கேட்டாள்: "அண்ணா, இந்த ரெண்டுக்கும் இடையில இருபது மீட்டர்கூட இல்லை. லிஸ்ட்டில வரல்லையே?"

அவள் சொன்னது சரி. நெருக்கமான குடியிருப்பில் வளவுக்கு ஒரு கிணறு, எட்டு மீட்டருக்கு ஒன்று. 30 மீட்டர் என்றால் பெட்டியின் பக்கம் 15 மீட்டர். அதன் நான்கு மூலையிலும் ஒவ்வொரு கிணறு, நடுவில் ஒன்று, ஐந்து கிணறு தாராளமாக நிற்கும். நடுவிலிருந்து மூலைக்கு 10.6 மீட்டர், எட்டு மீட்டர் இடைவெளி கெடவே இல்லை. "பெட்டிக்கு ஒன்று" என்ற வரம்பு δ என்ற எழுத்திலிருந்து வரவில்லை. இரண்டு பக்கத்திலும் உண்மையான குறைந்த தூரம் அதுதான் என்பதிலிருந்து வருகிறது. நாமாகத் தெரிந்தெடுத்த 30-க்கு அந்த உத்தரவாதம் கிடையாது. எட்டாவதாக, ஒன்பதாவதாக நின்ற கிணறுகளை என் நிரல் பார்க்காமலே போய்விட்டது. பிழை என்று எந்தச் செய்தியும் வராது, பட்டியல் மட்டும் குறையும். கண்டுபிடிக்க ஒரே வழி, நெருக்கமான ஒரு சின்னப் பகுதியை எடுத்து எல்லாச் சோடிகளையும் அளந்து, எண்ணிக்கையை ஒப்பிடுவது.

அன்றிலிருந்து நெருங்கிய சோடிக்கும் ஏழை எழுதுவதில்லை. உயரத்தைப் பார்த்து நிறுத்துகிறேன்:

```python
for i in range(len(strip)):
    for j in range(i + 1, len(strip)):
        if strip[j].y - strip[i].y >= d:
            break
        d = min(d, dist(strip[i], strip[j]))
```

ஏழு என்பது இந்த `break` சீக்கிரம் வரும் என்பதற்கான உறுதி மட்டும். அது நிரலுக்குள் இருக்க வேண்டியதில்லை. எல்லாச் சோடிகளும் வேண்டும் என்றால் இப்போது வேறு வழி: நிலத்தை 30 மீட்டர்க் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கிணற்றுக்கும் அதன் கட்டத்தையும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் மட்டும் பார்ப்பது.

இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். பழைய பதிவுகளில் நெட்டாங்கு தசமத்துக்குப் பின் நான்கு இலக்கத்தோடு நின்றுவிட்டது. அது ஏறக்குறைய 11 மீட்டருக்கு ஒரு படி, ஆகவே ஒரே x உள்ள கிணறுகள் நிறைய. கோட்டின் மேலேயே பல புள்ளிகள் நிற்கும்போது, `x <= mid` என்று பிரித்தால் அவை எல்லாம் ஒரு பக்கம் போய்விடும். x வரிசையைப் பாதியாக வெட்டியபோது வலப்பக்கம் போன புள்ளி, y வரிசையைப் பிரிக்கும்போது இடப்பக்கம் போனால், பெட்டிக் கணக்கும் கூடவே உடையும். வரிசையில் எத்தனையாவது இடம் என்பதை வைத்தே இரண்டையும் பிரிக்க வேண்டும். இந்தப் பிழையைப் பிடிக்க, 0-இலிருந்து 10 வரையான முழு எண் ஆள்கூறுகளில் எழுந்தமானமாகப் புள்ளிகளைப் போட்டுச் சோதிப்பது நல்லது. பெரிய தசம எண்களில் சோதித்தால் ஒரே x வருவதே அரிது, பிழை ஒளிந்துவிடும்.

பாகையை மீட்டராக மாற்றாமலே ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மட்டக்களப்பில் ஒரு பாகை அகலாங்கு ஏறக்குறைய 110.6 கிலோமீட்டர், ஒரு பாகை நெட்டாங்கு 110.3. இவ்வளவு கிட்ட இருப்பதால் இங்கே பெரும்பாலும் அதே சோடிதான் வரும். இருந்தாலும் நான் மாற்றிவிட்டே ஓட்டுகிறேன். களத்துக்குப் போகிறவரிடம் 0.000226 பாகை என்று சொல்வதை விட 25 மீட்டர் என்று சொன்னால்தான் அவருக்கு எங்கே நின்று பார்ப்பது என்று தெரியும்.

இப்போது இந்த முறையை ஒவ்வொரு பின்னேரமும் முதல் பார்வைக்கு வைத்திருக்கிறேன். அன்றைய பதிவுகளைச் சேர்த்து ஓட்டினால் ஒரே ஒரு தூரம் வரும். அது 30 மீட்டருக்கு மேலே என்றால் அந்தப் பகுதியில் இரட்டைப் பதிவுச் சந்தேகம் இல்லை, கட்டங்களைப் பிரிக்கவே போவதில்லை. வவுணதீவு, வெல்லாவெளிப் பக்கம் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் இடங்களில் பெரும்பாலான நாட்கள் அப்படியே முடிந்துவிடும். காத்தான்குடி, ஆரையம்பதிப் பதிவுகளுக்கு அந்த ஒற்றை எண் எப்போதும் எட்டு, ஒன்பது என்றுதான் வரும். அங்கே நேரே கட்டங்களுக்குப் போகிறேன்.