ஞாயிறு இரவு கையில் என்ன இருக்கிறது? கொழுந்துக் கணிப்பில் அரிமாவும் மெஷின் லேர்னிங்கும்

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்துக் கணக்கு பார்க்கிறேன். வரும் திங்கள் முதல் சனி வரை நாளுக்கு எத்தனை கிலோ வரும் என்று ஞாயிறு இரவே சொல்ல வேண்டும். கொழுந்தின் ஈரம் போக்கும் வாட்டுக்கு ஆள் போடுவதும் விறகு இறக்குவதும் அந்த எண்ணை வைத்துத்தான். ஒரு தொடரின் பழைய எண்களிலிருந்தே அடுத்ததைக் கணிக்கும் ARIMA என்னும் அரிமா, பல முடிவு மரங்களை அடுக்கிக் கணிக்கும் மெஷின் லேர்னிங் முறையான கிரேடியன்ட் பூஸ்டிங் இரண்டையும் ஓட்டிப் பார்த்து அரிமாவை எடுத்துக்கொண்டேன்.

வேகம், நிறுவும் சிரமம் எல்லாம் பெரிய விஷயமில்லை; இரண்டும் சாதாரண லேப்டாப்பில் ஓடும். முடிவைத் தீர்மானித்தது லேக், அதாவது முந்தைய நாள்களின் எடையை மாடலுக்குத் தரும் பத்திகள்.

முதல் சோதனையில் பூஸ்டிங் வெகுவாக முந்தியது. காரணம், சனியைக் கணிக்க வெள்ளியின் எடையைக் கொடுத்திருந்தேன். வியாழன் வரை நாளுக்கு 4,000 கிலோ வந்து, மழை விட்டதும் வெள்ளி 5,200க்கு ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கு 5,000 என்று மாடல் சொன்னால் அருமையான கணிப்பாகத் தெரியும். ஆனால் ஞாயிறு இரவு அந்த வெள்ளியின் கொழுந்து இன்னும் செடியில்தான் இருக்கிறது. அன்றன்றைய மழை அளவைப் பத்தியாகச் சேர்ப்பதும் இதே தவறுதான்.

ஞாயிறு கொழுந்து எடுப்பதில்லை என்பதால் அந்த வரிகளை நீக்கிவிட்டேன். லீவு நாள் வரிகள் அப்படியே இருக்கும். வாரத்துக்கு 6 வரி, ஆகவே 6 தள்ளினால்தான் எல்லா நாளுக்கும் பாதுகாப்பு:

```python
df["lag6"] = df["kg"].shift(6)
df["avg6"] = df["kg"].shift(6).rolling(6).mean()
```

பிறகு 52 ஞாயிறுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் அதுவரையுள்ள தரவில் மட்டும் பயிற்சி கொடுத்து, அடுத்த 6 நாளைக் கணித்து, சராசரிப் பிழையைக் கிலோவில் பார்த்தேன். லீவு நாளில் வரவு பூச்சியம் என்பதால் சதவீதப் பிழை இங்கே உதவாது. போன வாரம் அதே கிழமை வந்த எடையையே கணிப்பாக வைத்து அதையும் போட்டியில் சேர்த்தேன். பூஸ்டிங் அதைக்கூடத் தெளிவாகத் தாண்டவில்லை. அரிமா தாண்டியது. வாரச் சுழற்சியும் லீவுப் பத்தியும் சேர்த்த அரிமாவான SARIMAX-ஐத்தான் ஓட்டினேன்:

```python
SARIMAX(y, exog=leave, order=(1,0,1),
        seasonal_order=(0,1,1,6))
```

ஞாயிறு இரவு வரையுள்ள வரிகளைக் கொடுத்து 6 நாள் கேட்டால், அரிமா செவ்வாய்க்குத் தன் திங்கள் கணிப்பையே எடுத்துக்கொள்ளும். வராத எடை உள்ளே நுழைய வழியில்லை. `leave` பத்தியில் பௌர்ணமி லீவான போயா, தீபாவளி, பொங்கல். இவை காலண்டரிலேயே தெரிந்தவை. போயா கிழமை மாறி மாறி வருவதால் இந்தப் பத்தி இல்லாமல் அரிமாவும் தடுமாறும்.

இன்னொன்று: மரங்களால் கட்டும் பூஸ்டிங், பயிற்சியில் கண்ட உச்ச எடையைத் தாண்டிப் பெரும்பாலும் சொல்லாது. புதிய உச்சம் வரும் வாரத்தில்தான் வாட்டுக்கு இடம் போதாமல் போகும்.

நான் பார்த்தது ஒரே தொழிற்சாலையின் ஒரே தொடர். பல தோட்டங்களின் தொடர்களை, கவ்வாத்து வெட்டிய தேதிகளோடு சேர்த்து ஒரே மாடலுக்குப் பயிற்சி கொடுத்தால் பூஸ்டிங் முந்தக்கூடும். அதை நான் செய்து பார்க்கவில்லை. செய்பவர்கள் லேக்கை 6 தள்ளி, அதே 52 ஞாயிறுகளில் ஓட்டிய பிழையைச் சொன்னால் என் எண்ணோடு ஒப்பிடலாம்.