மங்கிய பழந்தமிழ் அச்சை மொழிபெயர்த்தல்: கருவிகளும் எழுத்துகளும், நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டவை

திருக்கோணமலைப் பக்கம் மொழிபெயர்ப்புக்கு வரும் பழைய தாள்கள் பெரும்பாலும் வீட்டுப் பெட்டிகளிலும் கோயில் அலுமாரிகளிலும் கட்டாகக் கிடந்த பத்திரிகைத் துண்டுகளும் அட்டை போன நூல்களுந்தான். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பெயர்த்துத் தரும்படி கேட்பார்கள். இந்த வேலையில் வரும் பெரிய பிழைகள் பெயர்க்கும் கட்டத்தில் பிறப்பதில்லை. அதற்கு முன்பே, எழுத்தை வாசிக்கும் கட்டத்தில் பிறந்துவிடுகின்றன. அதனால் இங்கே பேசுவது பெரும்பாலும் வாசிப்பைப் பற்றியே.

முதலில் தாள். பழைய அச்சு மை கரியால் ஆனது. அது இலேசில் வெளிறாது. மங்கியதாகத் தெரிவதற்குக் காரணம் பல தடவை காகிதம் பழுப்பேறியதே. மரக்கூழ்க் காகிதத்தில் உள்ள லிக்னின் வெளிச்சத்திலும் காற்றிலும் நிறம் மாறி, எழுத்துக்கும் தாளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறைத்துவிடும். கந்தைக் கூழால் செய்த பழைய தாள் அதைவிட நன்றாக நிற்கும். மாரி காலத்தில் தாள் ஈரம் குடித்து நெளியும், ஒன்றோடொன்று ஒட்டும். கச்சான் வீசும் மாதங்களில் உலர்ந்து, மடிப்பில் முறியும். அந்த நாட்களில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கீழே ஒரு தடித்த தாளைச் செருகி இரண்டையும் சேர்த்துத்தான் புரட்ட வேண்டும். செலோடேப்பும் லமினேற்றும் வேண்டவே வேண்டாம்.

ஸ்கேனர் விடயத்தில் எங்கள் தீர்ப்பு உறுதியானது. மெல்லிய, விலை குறைந்த ஸ்கேனர்களில் இருக்கும் சிஐஎஸ் உணரி, கண்ணாடியைத் தொடும் பகுதியை மட்டுமே தெளிவாகப் பிடிக்கும். நெளிந்த தாளில் மேலெழுந்த இடம் மங்கிவிடும். பருமனான பழைய சிசிடி வகை அந்த மேடு பள்ளத்தைத் தாங்கும். 600 டிபிஐ, முழு வண்ணம் என்று வையுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மெய்யெழுத்துப் புள்ளிகளில் பாதி அங்கேயே தொலைந்துவிடும். தாளின் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரிவது நன்றாகக் குறையும்.

பழுப்புக் கறை சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும், கரி மை அனுப்பாது. ஆகவே படத்தின் சிவப்புத் தடத்தை மட்டும் பிரித்தால் கறை பெரும்பாலும் மறைந்து எழுத்து நிற்கும். அதன் பிறகு ஒரு பக்கம் வெளுத்தும் மறு பக்கம் கறுத்தும் இருக்கும் பின்னணியைச் சமன்செய்ய, படத்தை அதன் கலங்கிய பிரதியால் வகுக்க வேண்டும். ImageMagick என்ற படத்திருத்த மென்பொருளில் இரண்டும் ஒரே வரி:

```
magick in.tif -channel R -separate \( +clone -blur 0x40 \) -compose Divide_Src -composite out.tif
```

எழுத்து மெலிந்து உடைந்தால் 40 என்ற எண்ணைக் கூட்டிப் பாருங்கள். மூலப் படத்தை ஒருபோதும் அழிக்க வேண்டாம். கறை என்று நீக்கியது புள்ளியாக இருந்ததா என்று திரும்பிப் பார்க்க அது வேண்டும்.

படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் மென்பொருளான Tesseract இன் தமிழ் மாதிரி புதிய எழுத்துருக்களில் நன்றாக ஓடும். பழைய அச்சில் வேறு கதை. பத்தி பத்தியாக வெட்டி, `tesseract out.tif page -l tam --psm 6` என்று கொடுத்தால் நல்ல பக்கத்தில் தேடலுக்குப் போதுமான அளவு கிடைக்கும். மொழிபெயர்ப்புக்கு அதை நம்ப முடியாது. கொம்பு வளைந்த பழைய லை, ளை, ணை, னை வடிவங்களும், ணா, றா, னா ஆகியவற்றின் சுழித்த வடிவங்களும் அதைத் தடுமாற வைக்கும். தமிழ்நாட்டில் இவை 1978 இல் அரசாணையால் மாறின. இலங்கை அச்சகங்கள் அதற்குப் பிறகும் பழையதை விடவில்லை. ஆகவே இங்குள்ள ஒரு நூலில் பழைய னை இருப்பதைக் கண்டு அதன் வயதைக் கூட்டிச் சொல்லிவிடக் கூடாது. மென்பொருளின் பெரிய ஆபத்து வேறொன்று: தெரியாத இடத்தில் அது வெற்றிடம் விடாமல், சொல்போலத் தெரியும் ஏதாவதொன்றை நிரப்பிவிடும். களைத்த கண் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

இனி எழுத்து. 19 ஆம் நூற்றாண்டு அச்சில் பலவற்றில் மெய்க்குப் புள்ளி இல்லை, அல்லது சீராக இல்லை. கொம்பில் குறிலும் நெடிலும் வேறுபடாததும் உண்டு. செ, சே இரண்டும் ஒன்றே. ரகரமும் காலும் ஒரே உருவில் நிற்கும். 'அவாகள' என்று அச்சில் இருப்பது அவர்கள். 'வநதாாகள' என்பது வந்தார்கள். அதில் முதற் குறி கால், இரண்டாவது ரகர மெய். சேதமான தாளில் இன்னொரு கேள்வியும் சேர்கிறது: புள்ளி அச்சிலேயே இல்லையா, இருந்து மை ஏறவில்லையா? அதே பக்கத்தில் சேதமில்லாத இடத்தில் அதே எழுத்தைத் தேடுங்கள். அங்கும் புள்ளி இல்லையென்றால் அந்த அச்சகம் போடவில்லை. அங்கே இருந்தால், இங்கே தொலைந்திருக்கிறது.

தொலைந்ததைக் காணச் சிறந்த கருவி ஒரு டோர்ச் லைட். ஈய எழுத்து தாளில் அழுந்திப் பதிந்தது. மை உதிர்ந்தாலும் பள்ளம் நிற்கும். அறையை இருட்டாக்கி, கைத்தொலைபேசியைத் தாளுக்கு நேர் மேலே ஒரு தாங்கியில் நிறுத்தி, டோர்ச்சை மேசையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தின் ஒரு விளிம்பில் நிழலும் மறு விளிம்பில் ஒளியும் விழும். ஒரு தடவை இடப்புறமிருந்து, ஒரு தடவை மேற்புறமிருந்து படம் எடுக்க வேண்டும், ஏனென்றால் ஒளி வரும் திசைக்கு இணையான கோடு தெரியாது. ஒப்செட்டில் அச்சிட்ட தாளுக்கும், கட்டும்போது இறுக அழுத்திய நூலுக்கும் இது பயன்படாது.

ஒரு வரியைச் செய்து பார்ப்போம். விளக்கத்துக்காக அமைத்த வரிதான். ஆனால் இந்த மாதிரித் தாள்களில் வருவதெல்லாம் இதில் உண்டு:

மெறபடியூரிலெபெயதமழையினாலெ கு[..]களுடைநது நெறசெயகை ௨௱ அவணம அழிநதுபொயிறறு

முதல் நிரலில் இதை உள்ளபடியே, புள்ளியும் இடைவெளியும் சேர்க்காமல் படியெடுக்க வேண்டும். போன எழுத்துக்குச் சதுர அடைப்பில் எழுத்துக்கு ஒரு புள்ளி. இரண்டாம் நிரலில் புணர்ச்சி பிரித்து இன்றைய எழுத்தில்: மேற்படி ஊரிலே பெய்த மழையினாலே கு[ளங்]கள் உடைந்து நெற்செய்கை 200 அவணம் அழிந்துபோயிற்று. மூன்றாம் நிரலில்தான் பெயர்ப்பு. மூன்றையும் ஒரே மூச்சில் செய்தால், பொருளுக்கு ஏற்றபடி எழுத்தை வளைக்கும் பழக்கம் தன்னையறியாமல் வந்துவிடும்.

அடைப்புக்குள் 'குளங்கள்' என்று எப்படித் துணிவது? 'குளக்கட்டுகள்' என்றும் இருக்கலாம். அப்படியானால் உடைந்தது அணைக்கட்டு என்று பெயர்ப்பு மாறும். ஓட்டையை அளக்க வேண்டும். 600 டிபிஐ படத்தில் 118 பிக்சல் என்றால் 5 மில்லிமீற்றர். அதே வரியில் ஓர் எழுத்து சராசரி இரண்டரை மில்லிமீற்றர் பிடித்தால் அங்கே இரண்டு எழுத்துக்கே இடம்: ள, ங. குளக்கட்டுகளுக்கு ஐந்து எழுத்து வேண்டும், இடம் போதாது. 'குடங்கள்' அகலத்தில் ஏறத்தாழப் பொருந்தும். ஆனால் ட ஒடுங்கிய எழுத்து, வரியின் தொடர்ச்சியும் இடம் தராது. அளவு முதலில், பொருள் பிறகு என்ற வரிசையை மாற்ற வேண்டாம்.

'நெற்செய்கை' இங்கே பயிர்ச் செய்கை. 'செயல்' என்று பெயர்க்கக் கூடாது. அவணத்தை ஏக்கராக மாற்றாதீர்கள். அது விதைக்கும் நெல்லின் அளவால் நிலத்தைச் சொல்வது. இடத்துக்கு இடம் வேறுபட்டது. அப்படியே எழுதி ஒரு குறிப்பு இடுவதே சரி.

அந்த வரியில் மிகவும் அபாயமான இடம் ௨௱. தமிழ் இலக்கங்களில் ௱ தனியே நின்றாலும் நூறுதான். முன்னால் உள்ள ௨ உதிர்ந்துவிட்டால் இருநூறு அவணம் நூறாகிவிடும். வரியில் எந்தக் குறையும் தெரியாது. இதேபோல ௨௰௫ இன் முதற் குறி போனால் இருபத்தைந்து பதினைந்தாகும். ஆகவே ௰, ௱, ௲ எதற்கும் இடப்பக்கத்தில் வழக்கத்தைவிட அகன்ற வெளி இருந்தால் டோர்ச்சைப் பிடித்துப் பார்க்காமல் எண்ணை எழுத வேண்டாம். ம-௱-௱-ஸ்ரீ என்று பெயருக்கு முன்னால் வருவது மட்டும் எண்ணே அல்ல. மகாராஜராஜஸ்ரீ என்பதன் சுருக்கம், அந்தக் குறி அங்கே 'ரா'.

௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௸ மேற்படி. இவற்றை அறிந்தவர்களும் சறுக்கும் இடம் வருடப் பெயர். முன்பகுதி கிழிந்து 'பவ' மட்டும் எஞ்சினால் அது பவ (1874-75) ஆகலாம், பிரபவ (1867-68), விபவ (1868-69), பராபவ (1906-07) எதுவும் ஆகலாம். சுபகிருது 1902-03, சோபகிருது 1903-04. கொம்பும் காலும் மங்கினால் ஒன்று மற்றதாகும். கிழமையை வைத்துச் சரிபார்க்கலாம் என்பார்கள். ஒரே தமிழ்த் தேதி அடுத்த வருடம் பெரும்பாலும் கிழமையில் ஒரு நாள் தள்ளி வரும். ஆனால் மாதப்பிறப்பைக் கணிக்கும் முறையாலும் ஒரு நாள் முன்பின் ஆகும் என்பதால், அந்த வருடப் பஞ்சாங்கம் கையில் இல்லாமல் கிழமை மட்டும் தீர்ப்புச் சொல்லாது. பிலவ (1901-02), பிலவங்க (1907-08) இரண்டுக்கும் நடுவே அது அறவே கைவிடும்: 1902, 1908 இரண்டின் ஜனவரி முதலாம் தேதியும் புதன்கிழமை. அந்த இடத்தில் ஆங்கிலத் தேதி, செய்தியில் வரும் அதிகாரியின் பெயர், வேறொரு பிரதி என்று வெளிச் சான்று தேட வேண்டும்.

வேறொரு பிரதி கிடைத்தால் அதற்கு ஈடான மென்பொருள் எதுவும் இல்லை. ஒரே இதழின் இரண்டு பிரதிகளில் ஓட்டை ஒரே இடத்தில் விழுவதில்லை. noolaham.org இலும் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் தேடிய பின்பே ஊகத்துக்குப் போவது நல்லது. அகராதியில் வின்சுலோ (1862) முதலில் கைக்கு வரவேண்டும். யாழ்ப்பாணத்தில் மிசனரிமார் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி அது. அக்கால வழக்கு அதில் நிறைய உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி அதற்கு அடுத்தது. இரண்டும் dsal.uchicago.edu இல் தேடக்கூடியவை. சொல் அகப்படாவிட்டால் எகரத்தை ஏகாரமாக்கி, ஒகரத்தை ஓகாரமாக்கி இன்னொரு தடவை தேடுங்கள்.

பெயர்ப்பைக் கையளிக்கும்போது சதுர அடைப்புகளை அழிக்காமல் விடுங்கள். ஊகித்த சொல் அடைப்புக்குள், ஐயமான எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி, திருகோணமலை, திரிகோணமலை என்று அச்சில் மாறி மாறி வரும் ஊர்ப்பெயருக்கு ஒரே வடிவம், அச்சிலுள்ள வடிவம் அடிக்குறிப்பில். காணிக்கோ பரம்பரைக்கோ ஆதாரமாகக் கேட்பவர்கள் அடைப்பில்லாத சுத்தமான பிரதி வேண்டுமென்பார்கள். அவர்களுக்கும் முதல் நிரலையும் படத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.